முன்னறைக் கடைக்கு ஒரு ‘இல்லை’ நோட்டு

கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, ‘இல்லை’ என்று சொல்லி அனுப்பிய பொருளையும் கேட்ட வீட்டையும் அப்போதே குறியுங்கள். ஒரே வாரத்தில் மூன்று வெவ்வேறு வீடுகள் கேட்டதை மட்டும் வாங்குங்கள். ஒரே வீடு மூன்று முறை கேட்டிருந்தால் சேராது; அந்த வீட்டில் வேண்டாமென்றால் சரக்கு அப்படியே தங்கிவிடும். முதல் தடவை ஷாம்பு ஒரு சரம், நாற்பது பக்க நோட்டு அரை டஜன் போதும். சரம் நாலு நாளில் தீர்ந்தால் அடுத்த முறை இரண்டு சரம். மொத்தக் கடையில் பெட்டியாக எடுத்தால் விலை கொஞ்சம் குறையும்தான், ஆனால் தினமும் பால், முட்டை எடுக்க வேண்டிய பணம் அதில் முடங்கும். ரவை, மைதா என்றால் வண்டும் வந்துவிடும்.

பள்ளி திறக்கும் ஜூனுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. பிரவுன் ஷீட், லேபிள் எல்லாம் அந்த ஒரு வாரம்தான் ஓடும். மே கடைசியிலேயே வாங்கி வையுங்கள்.