டெலிவரி ஆகாத பார்சல்: கூரியருக்குப் பதில் சொல்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூண்டை இணையத்தில் ஆர்டர் எடுத்து கூரியரில் அனுப்புகிறவர்களுக்கு, திரும்பி வரும் பார்சல் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். வத்தலக்குண்டு வழியாக இறங்கி, சமவெளியில் ஹப் எனப்படும் கூரியர் கிடங்குகள் இரண்டு மூன்றில் கிடந்து, டெலிவரி ஆகாமல் அதே பாதையில் மலையேறி வருவதற்குள் இரண்டு வாரங்கள் போய்விடும். பிளாஸ்டிக் உறைக்குள் கீழே வெயிலில் வியர்த்து, மேலே பனியில் குளிர்ந்த பூண்டைப் பிரித்தால் சில பற்கள் முளைவிட்டிருக்கும், சில பூஞ்சை பிடித்திருக்கும். அதை இன்னொருவருக்கு விற்க முடியாது. போக வர இரண்டு கட்டணமும் பெரும்பாலும் விற்றவர் கணக்கிலேயே விழும்.

இப்படித் திரும்புகிற பார்சல்களில் வாங்குபவர் உண்மையிலேயே வேண்டாம் என்று சொன்னவை ஒரு பகுதிதான். மற்றவை கூரியர் அனுப்பும் ‘டெலிவரி ஆகவில்லை’ என்ற அறிக்கைக்கு, அதாவது என்.டி.ஆருக்கு, விற்பவர் தாமதமாகவோ வெறுமையாகவோ பதில் சொன்னதால் திரும்பியவை. அவற்றைக் காப்பாற்ற முடியும்.

அதற்குக் கூரியரின் ஒரு நாள் எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். காலையில் ஹப்பில் பார்சல்களைப் பிரித்து, ஒவ்வொரு டெலிவரி ஊழியருக்கும் அன்றைய பட்டியலை ஒதுக்குகிறார்கள். அப்போதுதான் டிராக்கிங்கில் ‘அவுட் ஃபார் டெலிவரி’ என்று வருகிறது. கொடுக்க முடியாத பார்சலுக்கு ஊழியர் தம் செல்பேசிச் செயலியில் உள்ள காரணங்களில் ஒன்றைத் தேர்வு செய்கிறார். ஆள் இல்லை, போன் எடுக்கவில்லை, முகவரி முழுமையில்லை, பணம் தயாராக இல்லை, வாங்க மறுத்தார் என்று அந்தப் பட்டியல் நீளும். அது பிற்பகலிலோ மாலையிலோ விற்பவரின் பேனலுக்கு, அதாவது பார்சல்களின் நிலையைப் பார்த்துப் பதில் கொடுக்கும் இணையப் பக்கத்துக்கு, வருகிறது. மறுநாள் காலை அடுத்த பட்டியல் தயாராகிவிடும். ஆக, விற்பவரின் கையில் இருப்பது அந்த ஒரு மாலைப்பொழுது. நிறுவனங்கள் பொதுவாக மூன்று முயற்சிகளோடு நிறுத்திக்கொள்கின்றன. பதில் வராவிட்டால் அதற்கு முன்பே திருப்புவதும் உண்டு.

இதனால் முதல் தவறு, பேனலை மறுநாள் காலையில் திறப்பது. காலை பத்து மணிக்குக் கொடுக்கும் பதில் அன்றைய பட்டியலுக்கு உதவாது. பழைய முகவரி, பழைய எண்ணோடு இரண்டாவது முயற்சியும் வீணாகியிருக்கும். எச்சரிக்கை யாரும் திறக்காத மின்னஞ்சலுக்குப் போகிறதா என்று இன்றே பாருங்கள். பேனலில் குறுஞ்செய்தியோ வாட்ஸ்அப் அறிவிப்போ இருந்தால் அதை இயக்குங்கள். வடகிழக்குப் பருவமழை நாட்களில் மேலே மின்சாரமும் சிக்னலும் ஒன்றாகப் போய்விடுகின்றன. ஆகவே வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ இருக்கும் உறவினர் ஒருவருக்கும் பேனலைப் பார்த்துப் பதில் கொடுக்கப் பழக்கி வைப்பது நல்லது.

இரண்டாவது தவறுதான் என் கணக்கில் மிகப் பெரியது. ‘மீண்டும் முயற்சி’ என்ற பொத்தானை மட்டும் அழுத்திவிட்டுக் குறிப்பில் ‘தயவுசெய்து டெலிவரி செய்யவும்’ என்று எழுதுவது. இன்று காலை அந்த ஊழியருக்குத் தெரியாத ஏதோ ஒன்று நாளை காலை தெரிந்தால்தான் முடிவு மாறும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்க்கலாம். கும்பகோணம் அருகே ஒரு கிராமத்துக்கு இரண்டு கிலோ பூண்டு, கேஷ் ஆன் டெலிவரி. செவ்வாய் பிற்பகல் ‘முகவரி முழுமையில்லை’ என்று வருகிறது. ஆர்டரில் இருப்பது ‘மாரியம்மன் கோயில் தெரு’ என்பது மட்டும், கதவு எண் இல்லை. நீங்கள் அழைக்கிறீர்கள், எடுக்கவில்லை. அறியாத எண் என்பதால் எடுக்காதவர்கள் பலர். அப்படியே விட்டுவிடாமல் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: “வணக்கம் அம்மா, கொடைக்கானலில் இருந்து நீங்கள் கேட்ட பூண்டு உங்கள் ஊர் வரை வந்துவிட்டது. வீடு தெரியாமல் திரும்பியிருக்கிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது, நாளை யார் வீட்டில் இருப்பார்கள் என்று சொல்லுங்கள்.” ஒரு மணி நேரத்தில் பதில் வருகிறது: ஊரில் அந்தப் பெயரில் இரண்டு தெருக்கள், இவர் வீடு ரேஷன் கடைக்கு எதிரே, பகலில் மகன் இருப்பான், அவன் எண் இது. இப்போது பேனலில் மாற்று எண்ணை அதற்குரிய கட்டத்தில் இடுங்கள். குறிப்பில் ‘ரேஷன் கடை எதிரே, பச்சை கேட், மகனிடம் கொடுக்கலாம், பணம் தயார்’ என்று எழுதுங்கள். குறிப்பு இவ்வளவு போதும். வண்டியை நிறுத்திவிட்டு ஊழியர் படிக்கப்போவது ஒரு வரிதான். மாற்று எண்ணைக் குறிப்புக்குள் புதைத்துவிட்டால், செயலியில் அழைப்புப் பொத்தான் பழைய எண்ணுக்கே போகக்கூடும்.

வாங்குபவரிடம் இன்னும் இரண்டு விஷயங்களை அப்போதே சொல்லிவிடுங்கள். பல கூரியர்களில் ஊழியரின் அழைப்பு அவர் சொந்த எண்ணிலிருந்து வராது, வேறு ஊர் எண் போலத் தெரியும், அதை எடுக்க வேண்டும். பார்சலை ரத்து செய்ய ஓ.டி.பி. கேட்கும் நிறுவனங்களும் உண்டு. வந்த குறுஞ்செய்தி எதற்கு என்று படிக்காமல் எண்ணைச் சொன்னால், மறுத்ததாகவே பதிவாகிவிடும்.

மூன்றாவது, பேனலில் வந்த காரணத்தை அப்படியே நம்புவது. ‘வாங்க மறுத்தார்’ என்று வந்ததும் மனம் நொந்து ‘திருப்பி அனுப்பவும்’ என்று அழுத்துகிறார்கள். அந்தக் காரணம் ஒருவர் அவசரத்தில் தேர்வு செய்தது. முதலில் வாங்குபவரிடம் கேளுங்கள். “யாருமே வரவில்லையே” என்று சொன்னால், அன்று ‘அவுட் ஃபார் டெலிவரி’ பதிவு இருக்கிறதா, முயற்சி எந்த நேரத்தில் பதிவானது என்று பாருங்கள். அந்த நேரத்தையொட்டி அழைப்பு எதுவும் இல்லாத அவருடைய அழைப்புப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டை வாங்கி, பார்சல் எண்ணோடு புகாராகக் கொடுங்கள். அதே வேளையில் மறுமுயற்சியையும் பதிவு செய்யுங்கள். புகாரின் முடிவுக்காகக் காத்திருந்தால் மாலை போய்விடும். ஊழியரைத் திட்டி எழுதுவதால் பயனில்லை. நாளை அந்தப் பார்சலைத் தூக்கிக்கொண்டு போகப்போவதும் அவராகவே இருக்கலாம்.

முகவரி திருத்தத்தில் ஒரு வரம்பு உண்டு. அதே பின்கோடுக்குள் தெருவையோ அடையாளத்தையோ மாற்றலாம். வாங்குபவர் சென்னையில் இருக்கும் மகள் வீட்டுக்கு அனுப்பச் சொன்னால், பொதுவாக என்.டி.ஆர். பதிலில் அது நடக்காது. பார்சல் ஏற்கெனவே வேறு ஹப்புக்குப் பிரிக்கப்பட்டுவிட்டது. அதைக் குறிப்பில் எழுதினால் ஒரு முயற்சிதான் வீணாகும். பக்கத்து வீட்டில் வாங்கி வைக்கவோ ஹப்பிலேயே நேரில் எடுத்துக்கொள்ளவோ முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் புதிதாக அனுப்புவதே வழி. வெளியூர் போயிருப்பவர்களுக்குத் தேதியைத் தள்ளிவைக்கலாம், ஆனால் ஹப்பில் சில நாட்களுக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள். “அடுத்த மாதம் வருவேன்” என்பவருக்கு அந்த வசதி பயன்படாது.

உண்மையிலேயே வேண்டாம் என்று வாங்குபவரே உங்களிடம் சொல்லிவிட்டால், அன்றைக்கே திருப்பச் சொல்லிவிடுங்கள். மறுமுயற்சி போட்டு இழுத்தால், பூண்டு இன்னும் சில நாட்கள் உறைக்குள் கிடக்கும். ‘திரும்புகிறது’ என்ற நிலை ஒருமுறை பதிவாகிவிட்டால் பின்னால் எவ்வளவு மன்றாடினாலும் அதை மாற்றுவது அரிது. அதனால் அந்தப் பொத்தானை அழுத்துமுன் வாங்குபவரின் சொல்லைக் காதால் கேட்டிருக்க வேண்டும், அல்லது அவர் எழுதிய செய்தி உங்கள் கையில் இருக்க வேண்டும்.