−1 + i√3-ஐப் பார்த்தால் 2ω என்று எழுதுங்கள்

நுழைவுத் தேர்வில் (−1 + i√3)¹⁰ கேட்டால் விரிக்க வேண்டாம். ω = (−1 + i√3)/2 என்பது 1-இன் கனமூலங்களில் ஒன்று; ஆகவே −1 + i√3 என்பதை 2ω என்று மாற்றுங்கள். இதன் மட்டு மதிப்பு 2, வீச்சு 2π/3. மூன்று மடங்கானால் வீச்சு 2π, ஒரு முழுச் சுற்று; அதனால்தான் ω³ = 1. ஆகவே 10-ஐ 3-ஆல் வகுத்த மீதி 1 மட்டும் போதும்: 2¹⁰ω = 1024ω, அதாவது 512(−1 + i√3).

துருவ வடிவத்திலேயே போடுபவர்கள் tan⁻¹(−√3) = −π/3 என்று எடுத்துச் சறுக்குவார்கள். இந்தப் புள்ளி இரண்டாம் கால்பகுதியில் இருக்கிறது. π கூட்டினால்தான் 2π/3 வரும்.

1 + i√3 வந்தால் அது −2ω². ஒற்றைப்படை அடுக்கில் குறியை விட்டுவிடாதீர்கள்.

1 + i-க்கு இந்த வழி உதவாது. அங்கே (1 + i)² = 2i.