பேன்ட்ஸ் என்றால் பேன்ட்டா, ஜட்டியா? பிரிட்டிஷ், அமெரிக்கப் பொருளை அகராதியில் பிரித்தறிவது எப்படி

தெரியாத சொல் வந்தால் அகராதியைத் திறப்போம். தெரிந்த சொல் வந்தால் திறக்க மாட்டோம். பேன்ட்ஸ், பிஸ்கட், ஃபுட்பால் போன்ற சொற்கள் நம்மை ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். இவை தமிழ்ப் பேச்சிலேயே கலந்துவிட்டவை. ஆங்கிலப் பக்கத்தில் பார்த்ததும் நமக்குப் பழகிய பொருளை வைத்துக்கொண்டு மேலே படித்துக்கொண்டு போய்விடுவோம்.

அந்தப் பழகிய பொருள் எந்த நாட்டுடையது என்று பார்த்தால் ஒரே கலவை. பிஸ்கட்டும் ஃபுட்பாலும் இந்தியாவில் பிரிட்டிஷ் பொருளில்தான் வழங்குகின்றன. பேன்ட் மட்டும் அமெரிக்கர்கள் சொல்லும் பொருளில் நிற்கிறது. பிரிட்டனில் பெரும்பாலான ஊர்களில் பேன்ட்ஸ் என்றால் ஜட்டி; நாம் பேன்ட் என்பதை அவர்கள் ட்ரௌசர்ஸ் என்பார்கள். ஆக, ‘நம்ம ஊரில் இப்படித்தானே சொல்கிறோம்’ என்ற நினைப்பு ஒரு சொல்லுக்குச் சரியாக இருக்கும், அடுத்த சொல்லுக்குக் காலை வாரிவிடும். அகராதியையும் அந்தச் சொல் வந்த பக்கத்தையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதுதான் வழி. ஓர் உதாரண வாக்கியத்தை வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

```
He came down to breakfast in his pants.
```

அமெரிக்கர் எழுதியிருந்தால் இதில் ஒன்றுமே இல்லை. ஒருவன் பேன்ட் போட்டுக்கொண்டு காலைச் சாப்பாட்டுக்கு இறங்கி வருகிறான். லண்டன்காரர் எழுதியிருந்தால் அவன் வெறும் ஜட்டியோடு வந்து நிற்கிறான்!

படி 1: பொருளுக்கு உரிய லேபிளைக் கண்டுபிடியுங்கள்

கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையப் பக்கத்தில் `pants` என்று தேடுங்கள். மேலேயே `UK`, `US` என்ற இரண்டு எழுத்துக் குறிகளும் பக்கத்தில் ஒலிபெருக்கிப் படமும் இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அவை உச்சரிப்பைக் காட்டுபவை. இரண்டு நாட்டிலும் சொல்லை எப்படி ஒலிக்கிறார்கள் என்பதைத் தவிர அவை வேறு எதையும் சொல்வதில்லை. பொருளுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் கிடையாது. அவற்றைத் தாண்டிக் கீழே இறங்குங்கள்.

கீழே பல விளக்கங்களுக்கு முன்னால் சின்ன எழுத்தில் `UK` அல்லது `US` என்று மறுபடியும் வரும். நமக்கு வேண்டியது இந்த லேபிள்தான். பேன்ட்ஸுக்கு உள்ளாடை என்ற பொருள் ஒரு லேபிளோடும், கால் முழுவதையும் மறைக்கும் உடை என்ற பொருள் இன்னொரு லேபிளோடும் இருக்கும். இந்தக் குறிகள் அகராதிக்கு அகராதி மாறும். ஆக்ஸ்ஃபோர்டின் மாணவர் அகராதியில் நாட்டின் பெயரை விரித்து எழுதியிருப்பார்கள், அல்லது `BrE`, `NAmE` என்று சுருக்கியிருப்பார்கள். இரண்டாவது சுருக்கம் வட அமெரிக்காவைக் குறிப்பது, அதனால் கனடாவும் அதில் அடங்கும். காலின்ஸ் இரு நாட்டுப் பொருளையும் தனித்தனித் தலைப்பில் வைக்கிறது. தொடங்குபவர்களுக்கு அதுதான் எளிது என்பது என் எண்ணம்.

லேபிளோடு `mainly` அல்லது `chiefly` என்று வந்தால் ‘பெரும்பாலும்’ என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொருள் மற்ற நாட்டில் அறவே கிடையாது என்று அதற்கு அர்த்தமில்லை.

படி 2: லேபிள் இல்லாத பொருளைச் சந்தேகப்படுங்கள்

சில விளக்கங்களுக்கு முன்னால் எந்தக் குறியும் இருக்காது. உடனே அது உலகப் பொதுவான பொருள் என்று நினைக்கத் தோன்றும். முதலில் அந்த அகராதி எந்த நாட்டுக்காரருடையது என்று பாருங்கள். மெரியம்-வெப்ஸ்டர் அமெரிக்க அகராதி. அதில் பேன்ட்ஸைத் தேடினால் ட்ரௌசர்ஸ் என்ற பொருள் லேபிள் இல்லாமல் முதலில் நிற்கும், ஜட்டி என்ற பொருளுக்குத்தான் `chiefly British` என்ற குறி வரும். தன் வீட்டுப் பொருளுக்கு அகராதிகள் பெரும்பாலும் குறி போடுவதில்லை, வெளியூர்க்காரருக்குத்தான் அடையாள அட்டை கேட்கின்றன.

கேம்பிரிட்ஜ் பக்கத்திலும் இதே கதை உண்டு. முதல் தொகுதி முடிந்து கீழே போனால் `American Dictionary` என்ற தலைப்பில் இன்னொரு தொகுதி வரும். அது முழுவதும் அமெரிக்க வழக்கு என்பதால் அங்கே `US` என்று தனியாகப் போட வேண்டிய தேவை இல்லை. அந்தப் பகுதியை மட்டும் படித்துவிட்டு ‘லேபிளே இல்லையே, எல்லா ஊருக்கும் இதுதான் பொருள்’ என்று முடிவுகட்டினால் தவறாகிவிடும். தொலைபேசித் திரையில் படிக்கும்போது எந்தத் தலைப்பின் கீழே நிற்கிறோம் என்பது கண்ணில் படாது, கொஞ்சம் மேலே தள்ளிப் பார்த்துவிடுங்கள்.

படி 3: வாக்கியம் வந்த பக்கத்தில் சாட்சி தேடுங்கள்

இப்போது கையில் இரண்டு பொருள் இருக்கிறது. எது என்று அகராதி சொல்லாது. வாக்கியத்தைச் சுற்றியுள்ள பத்திகளைப் பாருங்கள். அதே பக்கத்தில் ட்ரௌசர்ஸ் என்ற சொல்லும் வந்தால் விஷயம் ஏறக்குறைய முடிந்தது, எழுதியவர் பிரிட்டன்காரர், பேன்ட்ஸை ஜட்டிக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார். அப்படி வராவிட்டால் நாடு மாறும்போது தானும் மாறும் வேறு சொற்களைத் தேடலாம். நடைபாதைக்கு `pavement` என்று இருந்தால் பிரிட்டன், `sidewalk` என்று இருந்தால் அமெரிக்கா. அம்மாவை `mum` என்று எழுதியிருக்கிறாரா, `mom` என்றா? லாரிக்கு `lorry`யா, `truck`கா?

எழுத்துக்கூட்டலும் உதவும். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். `colour` என்று `u` போட்டு எழுதுபவர் கனடாக்காரராகவும் இருக்கலாம், அவருடைய பேன்ட்ஸ் அமெரிக்கப் பேன்ட்ஸ்தான். `organize` என்று `z` வந்தால் அமெரிக்கர் என்று சிலர் முடிவு செய்வார்கள், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அந்த எழுத்துக்கூட்டலைத்தான் காலங்காலமாகப் பின்பற்றி வருகிறது. போதாக்குறைக்கு, பிரிட்டிஷ் நாவல்களை அமெரிக்காவில் வெளியிடும்போது சில நேரம் எழுத்துக்கூட்டலை மட்டும் மாற்றிவிட்டுச் சொற்களை அப்படியே விட்டுவிடுவார்கள். எழுத்தும் சொல்லும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் சொல்லின் பக்கம் சாயுங்கள்.

படி 4: பொருளைப் பொருத்திப் பாருங்கள்

கண்டுபிடித்த பொருளை வாக்கியத்தில் வைத்து, அடுத்த இரண்டு வாக்கியங்களையும் படியுங்கள். நம் உதாரணத்தில் அடுத்த வரியில் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது ஜட்டி. யாரும் கண்டுகொள்ளாமல் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தால் அநேகமாகப் பேன்ட்.

இரண்டுமே பொருந்தாமலும் போகலாம். ஒரு படத்தையோ சாப்பாட்டையோ பேன்ட்ஸ் என்று சொல்லியிருந்தால் அது உடையே இல்லை. பிரிட்டிஷ் கொச்சை வழக்கில் ‘மட்டம், குப்பை’ என்று அர்த்தம். அகராதியில் கடைசிப் பக்கமாக ஒரு மூலையில் இருக்கும், அதுவரை பொறுமையாகக் கீழே இறங்க வேண்டும்.

பிஸ்கட்: சமையல் குறிப்பே சாட்சி சொல்லும்

பிஸ்கட்டில் வேலை இன்னும் சுலபம், பொருட்களின் பட்டியலைப் பார்த்தால் போதும். ஒரு சமையல் குறிப்பில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: மைதா 2 கப், பேக்கிங் பவுடர் 1 மேசைக்கரண்டி, உப்பு, குளிர்ந்த வெண்ணெய் 6 மேசைக்கரண்டி, கெட்டி மோர் முக்கால் கப். ஓவன் 450 டிகிரி.

சர்க்கரையே இல்லை, மோர் மட்டும் முக்கால் கப். மொறுமொறுவென்று உடையும் பிஸ்கட்டுக்கு இவ்வளவு ஈரம் ஆகாது. 450 என்பதும் ஃபாரன்ஹீட், ஏறக்குறைய 230 டிகிரி செல்சியஸ். அவ்வளவு சூட்டில் வைத்தால் டீயில் முக்கும் பிஸ்கட் சீக்கிரமே கருகிவிடும், அதற்கு 160 முதல் 180 செல்சியஸ் போதும். எனவே இது அமெரிக்க பிஸ்கட்: உயரமாக உப்பி, உள்ளே மிருதுவாக, சுடச்சுடச் சாப்பிடும் ஒரு சின்ன ரொட்டி. பிரிட்டிஷ் ஸ்கோனுக்குக் கொஞ்சம் நெருங்கிய உறவு.

கப் கணக்கும் ஃபாரன்ஹீட்டும் இருந்தால் அமெரிக்கச் சமையலறை. கிராம், செல்சியஸ், கூடவே `gas mark 4` போன்ற கேஸ் ஓவன் எண் இருந்தால் பிரிட்டன், அங்கே பிஸ்கட் என்பது நம்ம பிஸ்கட்டேதான். அதை அமெரிக்கர்கள் குக்கி என்பார்கள், உப்புச் சுவை என்றால் கிராக்கர்.

படத் தேடலிலும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளலாம். வெறும் `biscuit` என்று தேடினால் இரண்டும் கலந்து வரும். பக்கத்தில் ஒரு துணைச்சொல் சேருங்கள்:

```
buttermilk biscuit
digestive biscuit
```

முதலாவதற்கு உப்பிய ரொட்டி வரும், இரண்டாவதற்குத் தட்டையான கோதுமை பிஸ்கட் வரும். அமெரிக்கர்கள் பிஸ்கட்டை கிரேவியோடு சாப்பிடுகிறார்களே என்று முகம் சுளிப்பவர்கள் முதல் தேடலைப் பார்த்துவிட்டால் போதும். ரொட்டி மேல் இறைச்சித் துண்டுகளும் மிளகும் போட்ட வெள்ளைக் குழம்பை ஊற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

ஃபுட்பால்: எண்ணிக்கையை நம்ப வேண்டாம்

ஃபுட்பாலுக்கு அகராதி விளக்கத்தை மேலோட்டமாகப் படித்தால் மாட்டிக்கொள்வோம். இரண்டு அணிகள், அணிக்கு 11 பேர், பந்து, கோல் கம்பம்: கால்பந்துக்கும் அமெரிக்க ஃபுட்பாலுக்கும் இவை நான்குமே பொதுவானவை. பந்தின் வடிவத்தைப் பாருங்கள். உருண்டை என்றால் நம்ம கால்பந்து, முட்டை வடிவம் என்றால் மற்றது. செய்திக் கட்டுரையானால் `touchdown`, `quarterback` என்ற சொற்கள் அமெரிக்க ஆட்டத்தைக் காட்டிக்கொடுக்கும். ஓர் அணி கோலே போடாததை `nil` என்றும் மைதானத்தை `pitch` என்றும் எழுதியிருந்தால் அது கால்பந்து. அமைப்பின் பெயரும் உதவும். அமெரிக்க லீக்கான `NFL` என்பதில் இருக்கும் `F` முட்டைப் பந்து, `FIFA`வில் இருக்கும் முதல் `F` ஃபெடரேஷன், ஃபுட்பாலுக்கு உரியது இரண்டாவது `F`, அது உருண்டைப் பந்து.

கால்பந்துக்குச் சாக்கர் என்பது அமெரிக்கர்கள் கண்டுபிடித்த பெயர் என்று இணையத்தில் அடிக்கடி சண்டை நடக்கும். உண்மையில், 1863இல் லண்டனில் ஃபுட்பால் அசோசியேஷன் தொடங்கிய பிறகு, அசோசியேஷன் என்ற சொல்லின் நடுவிலிருந்து இங்கிலாந்து மாணவர்கள் பிய்த்தெடுத்த பெயர் அது. ஆகவே பழைய பிரிட்டிஷ் புத்தகத்தில் சாக்கர் என்று வந்தால் எழுதியவர் அமெரிக்கர் என்று எண்ண வேண்டாம்.

லேபிள் போதாத இடங்கள்

`UK` என்ற குறி ஒரு முழு நாட்டை ஒரே சாயத்தில் முக்கியெடுக்கிறது. இங்கிலாந்தின் வடமேற்கில், லாங்கஷயர் பக்கம், பேன்ட்ஸ் என்றால் பேன்ட் என்றே சொல்பவர்கள் உண்டு. எழுதியவர் மான்செஸ்டர்காரர் என்று தெரிந்தால் படி 4ஐ நம்புங்கள், லேபிளை அல்ல. ஃபுட்பாலுக்கோ இரண்டு நாடுகள் போதவே போதாது. மெல்பர்னில் அந்தச் சொல்லுக்கு ஆஸ்திரேலிய விதிகளில் ஆடும் தனி ஆட்டம் என்று பொருள், அயர்லாந்தின் பல ஊர்களில் கேலிக் ஃபுட்பால். அகராதியில் இவற்றுக்கும் தனி லேபிள் இருக்கும், முதல் இரண்டு பொருளோடு நிறுத்திக்கொண்டால் கண்ணில் படாது.