மாமனார் சொத்திலிருந்து விதவை மருமகள் ஜீவனாம்சம் கேட்பது எப்படி?

என் சித்தி மகளுக்காக அலைந்து கற்றுக்கொண்டது இது. இந்துக்களுக்கான 1956-ம் வருடத்துச் சட்டம் (தத்தெடுப்பு, ஜீவனாம்சம்) பற்றியது மட்டும்.

முதலில் உயில் இருக்கிறதா என்று பாருங்கள். மகன் முன்பே இறந்து, பிறகு மாமனார் உயில் எழுதாமல் இறந்திருந்தால் மருமகளே முதல் வகுப்பு வாரிசு. பிள்ளைகளோடு சேர்ந்து கணவருக்கு வந்திருக்க வேண்டிய பங்கு அவருக்கு உண்டு. அப்போது கேட்க வேண்டியது பாகப்பிரிவினை, ஜீவனாம்சம் அல்ல.

எங்கள் வழக்கில் உயில் இருந்தது. எல்லாம் இரண்டு கொழுந்தன்களுக்கு. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். வில்லங்கச் சான்றை மூன்று தடவை எடுத்துப் பார்த்து, "உயிலே இல்லை" என்று நம்பிவிட்டேன். வில்லங்கத்தில் உயில் வராது! அது பதிவு அலுவலகத்தில் வேறு புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகு யார் விண்ணப்பித்தாலும் நகல் தருவார்கள். இறப்புச் சான்றோடு போய் நகல் வாங்கிவிடுங்கள். பதிவு செய்யாத உயில் என்றால் இந்த வழி உதவாது.

அடுத்து, பிரிவு 21, 22-ன் கீழ் மனு. மாமனார் உயிரோடு இருந்தால் பிரிவு 19. அதில் அவர் கையில் உள்ள கூட்டுக்குடும்பச் சொத்துதான் கணக்கு. அவர் இறந்துவிட்டால் சுயசம்பாத்தியமும் சேரும். "உன் அப்பா வீட்டில் கேள்" என்று கொழுந்தன்கள் சொன்னார்கள். பிரிவு 19-ல்தான் அந்தப் பேச்சு உண்டு. 21-ல் பார்ப்பது கணவர் சொத்தும் பிள்ளைகளும் கைகொடுக்கிறார்களா என்பதை மட்டும். மறுமணம் செய்தால் உரிமை போய்விடும். சொந்த வருமானம் இருந்தால் தொகை குறையும்.

தொகையைச் சொத்து வாங்கியவர்கள் பங்கின் மதிப்புப்படி பிரித்துக்கொள்வார்கள். கடன் போக 50 லட்சம் சொத்து, மூத்தவருக்கு 30, இளையவருக்கு 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 10,000 தரச் சொன்னால் மூத்தவர் 6,000, இளையவர் 4,000. அதனால் இருவரையுமே எதிர்மனுதாரர்களாகச் சேர்த்துவிடுங்கள்.

எங்கள் வக்கீல் விட்டுவிட்ட ஒன்றும் இருக்கிறது. ஜீவனாம்சம் தானாகச் சொத்தின் மேல் பாரமாக ஏறாது. வீட்டின் மேல் பாரம் ஏற்றித் தீர்ப்பு வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். வழக்கு நடக்கும்போதே இளையவர் விற்கப் பார்த்தார். வாங்க வந்தவருக்கு வழக்கு பற்றிப் பதிவுத் தபால் அனுப்பினோம். விஷயம் தெரிந்தே வாங்கினால் அவரிடமிருந்தும் வசூலிக்கலாம் என்பதால் அவர் ஒதுங்கிக்கொண்டார்.

பின்சேர்க்கை: "மாமனார் இறந்த பிறகுதான் கணவர் இறந்தார், கேட்கலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கேட்கலாம். யார் முதலில் இறந்தார் என்பது முக்கியமில்லை என்று 2026 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் உயில் இல்லாவிட்டால் கணவருக்கே மாமனார் சொத்தில் பங்கு வந்திருக்கும், முதலில் அதைக் கேளுங்கள்.