வளவள பத்தியைப் பாதியாக்குவது எப்படி? ஒரு தகவலும் விடாமல், எழுதியவர் சொல்ல வந்ததும் மாறாமல்

ஒரு பத்தியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னால் பலரும் முதலில் செய்வது, கடைசி இரண்டு வாக்கியங்களைத் தூக்கிவிடுவதுதான். பத்தி சின்னதாகிவிடும், ஆனால் அந்த வாக்கியங்களில் இருந்த விஷயமும் கூடவே போய்விடும். இங்கே நாம் செய்யப்போவது வேறு. எல்லாத் தகவலும் அப்படியே இருக்க வேண்டும், எழுதியவரின் கருத்தும் அவர் வைத்த அழுத்தத்தோடு இருக்க வேண்டும். சொற்கள் மட்டும் குறைய வேண்டும்.

பயிற்சிக்காக நானே நீட்டி முழக்கி எழுதிய பத்தி இது. ஆண்டு மலர்களிலும் விழா மலர்களிலும் இந்த நடையை நிறையப் பார்க்கலாம்.

> நம் தமிழ்நாட்டில் அமைந்துள்ள ராமேஸ்வரம் தீவை நிலப்பகுதியில் உள்ள மண்டபத்தோடு இணைக்கக்கூடிய வகையில் கட்டப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம் 1914ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 24ஆம் தேதி அன்று போக்குவரத்துக்காகத் திறந்து வைக்கப்பட்டது என்பது அனைவரும் அறிந்த ஒன்றாகும். இந்தப் பாலமானது சுமார் 2 கிலோமீட்டர் நீளம் கொண்டதாக இருந்தது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வீசிய கடும் புயலின் காரணமாக இந்தப் பாலத்திற்குப் பெரும் சேதம் ஏற்பட்டது. அவ்வாறு சேதமடைந்த பாலத்தைச் சீரமைக்கும் பணியானது பொறியாளர் இ. ஸ்ரீதரன் அவர்களின் தலைமையின் கீழ் மேற்கொள்ளப்பட்டு, 46 நாட்களில் முடிக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. 1988ஆம் ஆண்டில் சாலைப் பாலம் திறக்கப்படும் வரையில், தீவுக்குச் செல்வதற்கு இந்த ரயில் பாலம் ஒன்று மட்டுமே தரைவழித் தொடர்பாக இருந்து வந்தது. ஆகவே, இந்தப் பாலத்தின் பெருமை என்று சொன்னால் அது அதன் நீளத்தில் இருப்பதைவிட, அது மீண்டு எழுந்ததில்தான் அதிகமாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மொத்தம் 102 சொற்கள்.

படி 1: வெட்டும் முன் பட்டியல் போடுங்கள்

பத்தியைத் தொடாமல், அது பதில் சொல்லும் கேள்விகளைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தகவல்களாக எழுதுவதைவிடக் கேள்விகளாக எழுதுவது நல்லது, கடைசியில் சரிபார்க்க அதுதான் உதவும்.

1. பாலம் எந்த மாநிலத்தில், எதை எதோடு இணைத்தது?
2. எப்போது திறந்தார்கள்?
3. நீளம் எவ்வளவு? துல்லியமா, தோராயமா?
4. எப்போது, எதனால், எந்த அளவுக்குச் சேதம்?
5. சீரமைப்பு யார் தலைமையில் நடந்தது, பணிக்கு எத்தனை நாள் ஆனது?
6. தீவுக்கு வேறு தரைவழி எப்போது வந்தது?
7. எழுதியவரின் கருத்து என்ன, அதை எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்?

ஏழாவது கேள்வியை எழுத மறந்துவிடுவார்கள். இந்தப் பத்தி வெறும் தகவல் குறிப்பு இல்லை. முன்னால் உள்ள தகவல்களை வைத்து எழுதியவர் ஒரு முடிவுக்கு வருகிறார். அந்த முடிவு போய்விட்டால், மற்ற ஆறு பதில்களும் சரியாக இருந்தாலும் அது அவருடைய பத்தி இல்லை.

படி 2: தொடக்கூடாத சின்னச் சொற்களைக் கோடிடுங்கள்

தமிழில் அர்த்தத்தைத் திருப்பிவிடும் சொற்கள் பெரும்பாலும் ரொம்பச் சின்னவை. பெரிய சொற்களை வெட்டும் வேகத்தில் இவையும் சேர்ந்து போய்விடும். அதனால் முதலிலேயே கோடு போட்டு வைத்துவிடுவது பாதுகாப்பு.

நம் பத்தியில் ‘சுமார்’ அப்படிப்பட்டது. அது போனால் தோராயக் கணக்கு துல்லியக் கணக்காகிவிடும். ‘பழைய’ என்பதும் அலங்காரம் போலத் தெரியும், ஆனால் 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்துவிட்டதால் எந்தப் பாலம் என்று சொல்வது அந்த ஒரு சொல்தான். ‘கடும்’ புயலின் அளவு, ‘பெரும்’ சேதத்தின் அளவு, அதனால் இரண்டும் தகவல். ‘வரையில்’, ‘ஒன்று மட்டுமே’ இரண்டும் சேர்ந்துதான் ஆறாவது கேள்விக்குப் பதில். ‘ஆகவே’ முடிவைத் தகவல்களோடு கட்டிவைக்கிறது. ‘இருப்பதைவிட’, ‘அதிகமாக’, ‘எனக்குத் தோன்றுகிறது’ மூன்றும் எழுதியவரின் உறுதியின் அளவு.

படி 3: வாலை நறுக்குங்கள்

இனி வெட்டலாம். சுலபமானதிலிருந்து தொடங்குவோம். ‘என்பது அனைவரும் அறிந்த ஒன்றாகும்’, ‘என்பது குறிப்பிடத்தக்கது’, ‘என்று சொன்னால் அது’ மூன்றையும் எடுத்துவிடுங்கள். பட்டியலில் எந்தக் கேள்விக்கும் இவை பதில் சொல்லவில்லை. ‘குறிப்பிடத்தக்கது’ ஓர் அழுத்தம்தானே என்று கேட்கலாம். 46 நாளில் முடிந்ததை எழுதியவர் பெரிதாக நினைக்கிறார் என்பது கடைசி வாக்கியத்திலேயே இருக்கிறது. அது இல்லாத பத்தியாக இருந்தால் நானும் யோசித்திருப்பேன்.

அடுத்து தேதிகள். ‘1914ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 24ஆம் தேதி அன்று’ என்பதை ‘1914 பிப்ரவரி 24 அன்று’ என்று எழுதினால் போதும். பிப்ரவரி ஒரு மாதம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 1964, 1988 இரண்டையும் இதேபோலச் சுருக்குங்கள். வாலும் தேதியும் சேர்ந்து இதுவரை 15 சொற்கள் போயிருக்கும்.

படி 4: வினைச்சொல்லை எழுப்புங்கள்

உண்மையான கொழுப்பு இங்கேதான். மேடைத் தமிழிலும் அலுவலகத் தமிழிலும் நேரடி வினை ஒன்றைப் பெயர்ச்சொல்லாக்கி, அதற்குத் துணையாக ‘மேற்கொள்’, ‘ஏற்படு’, ‘இருந்து வா’ என்று இன்னொரு வினையை மாட்டிவிடுவார்கள். ‘சேதம் ஏற்பட்டது’ என்றால் ‘சேதமடைந்தது’. ‘பணியானது மேற்கொள்ளப்பட்டு முடிக்கப்பட்டது’ என்றால் ‘பணி முடிந்தது’. ‘இணைக்கக்கூடிய வகையில் கட்டப்பட்ட’ என்றால் ‘இணைத்த’. ‘நீளம் கொண்டதாக இருந்தது’ என்பதற்கு வினையே வேண்டாம், ‘நீளம் சுமார் 2 கிலோமீட்டர்’ என்று நிறுத்திவிடலாம். ‘புயலின் காரணமாக’ என்பதற்குத் தமிழில் வேற்றுமை உருபு இருக்கிறது: ‘புயலால்’.

இங்கே ஒரு பொறி உண்டு. வேகத்தில் ‘ஸ்ரீதரன் 46 நாட்களில் பாலத்தைச் சீரமைத்தார்’ என்று எழுதத் தோன்றும். சுருக்கமாகவும் இருக்கிறது, ஆனால் மூலத்தில் அவர் தலைமை தாங்கினார் என்றுதான் இருக்கிறது. பலர் உழைத்ததை ஒருவர் செய்ததாக மாற்றிவிடுகிறோம். செயப்பாட்டு வினையைச் செய்வினையாக மாற்றும்போதெல்லாம், செய்தவர் யார் என்று மூலம் சொல்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

‘அவர்களின்’ என்ற மரியாதைச் சொல்லை நான் எடுத்துவிட்டேன். கட்டுரைகளிலும் செய்தி நடையிலும் அது வழக்கமில்லை. உங்கள் பத்தி விழா மலருக்கு என்றால் அதை விட்டுவைப்பதே நல்லது, ஒரு சொல்லை மிச்சம்பிடிக்கப் போய்ச் சங்கத்தில் மனக்கசப்பு வேண்டாம்.

படி 5: ஒரே பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள்

மூலத்தில் ரயில் பாலம் ஆறு முறை பெயர் சொல்லி வருகிறது. தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும். ‘1964 டிசம்பரில் கடும் புயலால் பெரும் சேதமடைந்தது’ என்றால் எது என்று யாரும் கேட்கமாட்டார்கள். ‘அவ்வாறு சேதமடைந்த பாலத்தை’ என்று முந்தைய வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வதும் தேவையில்லை.

ஆனால் ஓர் இடத்தில் பெயரை விட்டால் சிக்கல். ‘1988இல் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை தீவுக்குத் தரைவழித் தொடர்பு இது ஒன்றே’ என்று எழுதிப் பாருங்கள். ‘இது’ பக்கத்தில் இருக்கும் சாலைப் பாலத்தைப் பிடித்துக்கொள்கிறது. வாசகர் ஒரு நொடி நின்று பின்னால் போய் வருவார். அந்த இடத்தில் ‘ரயில் பாலம்’ என்று முழுதாக எழுத ஒரு சொல்தான் கூடுதல், தாராளமாகக் கொடுக்கலாம்.

இப்படி வந்த பத்தி:

> தமிழ்நாட்டின் ராமேஸ்வரம் தீவை நிலப்பகுதியின் மண்டபத்தோடு இணைத்த பழைய பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2 கிலோமீட்டர். 1964 டிசம்பரில் கடும் புயலால் பெரும் சேதமடைந்தது. பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் சீரமைப்புப் பணி 46 நாட்களில் முடிந்தது. 1988இல் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை ரயில் பாலம் ஒன்றே தீவுக்குத் தரைவழித் தொடர்பு. ஆகவே இதன் பெருமை நீளத்தைவிட மீண்டு எழுந்ததில்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

55 சொற்கள். ‘தமிழ்நாட்டின்’ எதற்கு, ராமேஸ்வரம் எங்கே இருக்கிறது என்று தெரியாதா என்று சிலர் கேட்பார்கள். மூலத்தில் இருக்கிறது, எந்தத் தகவலும் போகக்கூடாது என்று ஒப்புக்கொண்டோம், அதனால் இருக்கட்டும். ‘போக்குவரத்துக்காக’ போனதற்குக் காரணம் வேறு: ரயில் பாலத்தைத் திறப்பதே அதற்குத்தான் என்பதால் அந்தப் பொருள் ‘திறக்கப்பட்டது’ என்பதற்குள்ளேயே இருக்கிறது.

சொல் கணக்கில் ஏமாற்றவும் செய்யலாம். ‘நிலப்பகுதியில் உள்ள’ என்பதை ‘நிலப்பகுதியிலுள்ள’ என்று ஒட்டினால் ஒரு சொல் குறைந்ததாகக் கணக்கு காட்டும், தாளில் இடம் ஏறக்குறைய அதேதான். சந்தேகமாக இருந்தால் இரண்டு பத்திகளையும் ஒரே எழுத்தளவில் வைத்து வரிகளை எண்ணிப் பாருங்கள்.

படி 6: இரண்டு பக்கமும் சரிபாருங்கள்

மூலத்தை மூடிவிட்டுச் சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, முதல் படியின் ஏழு கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள். பிறகு மூலத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். இது விட்டுப்போனதைக் காட்டிக்கொடுக்கும். முடிந்தால் மூலத்தைப் படிக்காத ஒருவரிடம் கொடுத்துக் கேளுங்கள், நாமே பதில் எழுதினால் நினைவிலிருந்து நிரப்பிவிடுவோம்.

அடுத்து எதிர்த்திசையில் பாருங்கள்: மூலத்தில் இல்லாத எதையாவது சுருக்கம் சொல்கிறதா? தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். ‘வெறும் 46 நாட்களில்’ என்று எழுதினால், அந்த ‘வெறும்’ நம்முடையது. ‘புயலடித்த 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது’ என்றால் நாள் கணக்கு புயலிலிருந்து தொடங்கிவிடுகிறது, மூலத்தில் அது பணிக்கு ஆன நாள். ‘இதன் பெருமை நீளத்தில் இல்லை, மீண்டு எழுந்ததில்தான்’ என்றால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எழுதியவர் நீளத்தின் பெருமையை மறுக்கவே இல்லை. இரண்டையும் ஒப்பிட்டு ஒன்று அதிகம் என்றார், அவ்வளவுதான்.

சரிபார்க்கும்போது மூலத்தின் தகவலே தவறு என்று பட்டால் சத்தமில்லாமல் திருத்திவிடாதீர்கள். ஓரத்தில் குறித்து எழுதியவரிடம் கேளுங்கள். சுருக்குவதும் திருத்துவதும் வேறு வேறு வேலை, இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது யாருடைய மாற்றம் என்று பிறகு தெரியாது.

எல்லாப் பத்தியும் பாதியாகாது. இங்கே முடிந்ததற்குக் காரணம் நான் வேண்டுமென்றே ஊதி எழுதியதுதான். மருந்துக் குறிப்பு, ஒப்பந்த விதி, அளவோடு எழுதிய சமையல் குறிப்பு போன்றவற்றில் வாலும் துணைவினையும் குறைவு, ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே பெரிது. மூன்றாம், நான்காம், ஐந்தாம் படிகளைச் செய்து முடித்த பிறகும் பாதி வரவில்லை என்றால், அடுத்து கை வைக்கப்போவது தகவலில்தான். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, எதை விடலாம் என்ற கேள்வியை எழுதியவரிடம் கொண்டுபோங்கள்.