பெனால்டி ஷூட் அவுட்டில் கோல்கீப்பரும் அணியும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 மகளிர் கால்பந்து உலகக் கோப்பைக் காலிறுதி பிரிஸ்பேனில் நடந்தது. ஆஸ்திரேலியாவும் பிரான்ஸும் கூடுதல் நேரம் வரை ஆடியும் கோல் விழவில்லை. ஷூட் அவுட்டில் பிரான்ஸ் முதலில் அடித்தது. ஒன்பதாவது சுற்றில் கென்சா டாலி அடித்த பந்தை ஆஸ்திரேலிய கோல்கீப்பர் மெக்கென்சி ஆர்னால்ட் தடுத்தார். அரங்கமே துள்ளியது. ஆனால் காணொளி நடுவர் குறுக்கிட்டார். பந்து உதைபடுவதற்கு முன்பே ஆர்னால்ட் கோல் கோட்டைத் தாண்டி முன்னே வந்திருந்தார். உதையை மறுபடி அடிக்க வைத்தார்கள். ஆர்னால்ட் அதையும் தடுத்தார்!

எல்லோருக்கும் இப்படி இரண்டாவது முறையும் கைகூடாது. அதனால் முதல் தவறு எது என்றால், இந்தக் கோட்டு விதியைப் பாதியாகத் தெரிந்து வைத்திருப்பதுதான். பந்து உதைபடும் வரை இரண்டு காலும் கோட்டில் ஒட்டியிருக்க வேண்டும் என்று பல கோல்கீப்பர்கள் நினைத்துக்கொண்டு சிலைபோல நிற்கிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. உதைபடும் அந்தக் கணத்தில் ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டைத் தொட்டுக்கொண்டோ, கோட்டுக்கு நேர் மேலே காற்றிலோ, கோட்டுக்குப் பின்னாலோ இருந்தால் போதும். மற்ற கால் முன்னே போகலாம். கோட்டோடு பக்கவாட்டில் நகரலாம், கைகளை விரிக்கலாம். முகம் மட்டும் உதைப்பவரைப் பார்த்திருக்க வேண்டும், இரண்டு கம்பங்களுக்கு நடுவில் இருக்க வேண்டும்.

ஆக, பயிற்சியில் பார்க்க வேண்டியது பின்னங்கால். முன்னே பாயும் வேகத்தில் அதுதான் சீக்கிரம் கிளம்பிவிடும். பக்கவாட்டிலிருந்து செல்போனில் படம் பிடித்து, பந்தில் கால் படும் இடத்தில் நிறுத்திப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

கோட்டை மீறினாலும் எல்லா உதையும் மறுபடி அடிக்கப்படாது. கோல் விழுந்தால் கோல்தான். தடுத்திருந்தால் மறு உதை. பந்து தானாக வெளியே போனாலோ கம்பத்தில் பட்டுத் திரும்பினாலோ, கோல்கீப்பரின் மீறல் உதைப்பவரைத் தெளிவாகப் பாதித்திருந்தால் மட்டுமே மறு உதை. இது தெரியாமல் நடுவரிடம் போய் மல்லுக்கட்டுபவர்கள் நிறைய. கோல்கீப்பருக்கு முதல் மீறலுக்கு எச்சரிக்கை, அடுத்ததற்கு மஞ்சள் அட்டை. ஆட்டத்தின்போது வாங்கிய மஞ்சள் அட்டை ஷூட் அவுட்டுக்குத் தொடராது, அதனால் இரண்டையும் கூட்டி வெளியேற்ற மாட்டார்கள்.

கம்பத்தைத் தட்டுவது, குறுக்குக் கம்பத்தில் தொங்குவது, வலையை உலுக்குவது, வேண்டுமென்றே தாமதம் செய்வது, இதெல்லாம் முன்பு சாமர்த்தியமாகக் கருதப்பட்டது. 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்குப் பிறகு, 2023-இல் விதியில் இதைத் தெளிவாகவே எழுதிவிட்டார்கள்: உதைப்பவரின் கவனத்தை முறையற்ற விதத்தில் திருப்பக் கூடாது. நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். கோட்டில் நகரவும் ஒரு கால் முன்வைக்கவும் அனுமதி இருக்கும்போது கோல்கீப்பருக்கு அந்த வித்தையெல்லாம் தேவையில்லை.

சரி, இப்போது கணக்கு. இரண்டு முறை டாஸ் போடுவார்கள்: எந்தப் பக்க கோல் என்பதற்கு ஒன்று, முதலில் அடிப்பதா இரண்டாவதா என்பதைத் தேர்ந்தெடுக்க இன்னொன்று. அப்புறம் மாறி மாறி ஐந்து உதைகள். எட்டிப் பிடிக்க முடியாத நிலை வந்ததும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பிரிஸ்பேனில் ஐந்து முடிந்ததும் 3-3. அங்கிருந்து சடன் டெத், அதாவது சுற்றுக்கு ஆளுக்கொரு உதை, ஒரு அணி முந்தும் வரை.

சடன் டெத்தில் ஒருவர் தவறவிட்டதுமே ஆட்டம் முடிந்துவிட்டதாக நினைத்து ஓடிவருவதுதான் பெரிய தவறு. இரண்டு அணியும் சம எண்ணிக்கையில் அடித்திருக்க வேண்டும். பிரிஸ்பேனில் எட்டு சுற்று முடிவில் 6-6. ஒன்பதாவதில் டாலி தவறவிட்டார், ஆனால் ஆஸ்திரேலியாவின் கிளேர் ஹன்ட் அடித்த பந்தும் தடுக்கப்பட்டது, எனவே சமநிலை தொடர்ந்தது. பத்தாவதில் விக்கி பெஷோவின் பந்து கம்பத்தில் பட்டது, கார்ட்னி வைன் கோல் அடித்தார். 7-6. அப்போதுதான் முடிந்தது.

பத்து சுற்று போனால் பத்து பேர் அடிக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். தகுதியுள்ள எல்லோரும் ஒரு முறை அடித்து முடிக்கும் வரை யாருக்கும் இரண்டாவது வாய்ப்பு இல்லை. கோல்கீப்பரும் இதில் சேர்த்தி. ஆர்னால்டே ஐந்தாவதாக வந்து அடித்தார், அது கோலாகியிருந்தால் அப்போதே வெற்றி, ஆனால் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. எனவே ஐந்து பேரை மட்டும் தேர்ந்தெடுத்து நிறுத்தாமல் பதினொரு பேரையும் வரிசைப்படுத்துங்கள். எதிரணியில் ஒருவர் வெளியேற்றப்பட்டு பத்து பேர்தான் இருந்தால், நீங்களும் ஒருவரைக் கழித்துப் பத்தாக்க வேண்டும். கழிக்கப்படுபவரின் பெயரை நடுவரிடம் சொல்ல வேண்டும், அதனால் யாரைக் கழிப்பது என்பதை டாஸுக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.