சிறிய மின்விசிறியால் காற்றாலை இறக்கைகளைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேசை மின்விசிறியின் எதிரே ஒரு சிறிய மோட்டாரை நிறுத்தி, அதன் அச்சில் அட்டை இறக்கைகளைப் பொருத்தி, மோட்டாரின் இரு முனைகளையும் மல்டிமீட்டரில் இணைத்து வோல்ட் அளவைக் குறித்துக்கொள்வதே இயற்பியல் செயல்திட்டங்களில் வழக்கமாக நடக்கும் காற்றாலைச் சோதனை. அமைப்பு எளிது, காற்று பட்டால் மோட்டார் மின்னாக்கியாக வேலை செய்வதும் உண்மை. ஆனால் இந்த அமைப்பில் கிடைக்கும் எண், இறக்கைகள் எவ்வளவு ஆற்றலைப் பிடிக்கின்றன என்பதைச் சொல்வதில்லை. பெரும்பாலான திட்டங்களின் முடிவு பிசகுவது இந்த இடத்தில்தான் என்பதால், இதையே முதலில் விரிவாகப் பார்க்கலாம்.

மல்டிமீட்டரை மட்டும் இணைத்திருக்கும்போது சுற்றில் மின்னோட்டம் ஏறக்குறைய ஓடுவதே இல்லை. மின்னோட்டம் இல்லையென்றால் மோட்டார் இறக்கைகளை எதிர்த்துப் பிடிப்பதும் இல்லை. அச்சின் உராய்வைத் தவிர வேறு சுமை இல்லாமல் சுழலி தன் விருப்பப்படி ஓடுகிறது. நிலைக்காந்தம் உள்ள நேர்மின் மோட்டாரில் தோன்றும் மின்னழுத்தம் சுழற்சி வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே அந்த நிலையில் மீட்டர் காட்டுவது சுழற்சி வேகத்தை மட்டுமே, திறனை அல்ல. திறன் என்பது வேகத்தையும் திருப்புவிசையையும் பெருக்கி வருவது. திருப்புவிசையே எடுக்கப்படாத இடத்தில் திறன் சுழிக்கு அருகில்தான் இருக்கும், மீட்டர் எத்தனை வோல்ட் காட்டினாலும்.

எல்.இ.டி. விளக்கை எரியவிட்டுப் பார்ப்பதும் இதே தவற்றின் இன்னொரு வடிவம். சிவப்பு எல்.இ.டி. எரிய ஏறத்தாழ 1.8 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே எவ்வளவு திருப்புவிசை இருந்தாலும் அது எரியாது. வேகமாகச் சுழலும் அமைப்பை அது உயர்த்திக் காட்டும், மெதுவாகச் சுழன்றாலும் வலுவாக இழுக்கும் அமைப்பைத் தோற்றதாகக் காட்டிவிடும்.

சரியான வழி, மோட்டார் முனைகளுக்கு இடையே அளவு தெரிந்த மின்தடையத்தை இணைத்து, அதன் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தை அளந்து, P = V²/R என்று திறனைக் கணக்கிடுவது. ஆனால் இங்கும் ஒரு பிழை காத்திருக்கிறது. ஒரே ஒரு மின்தடையத்தை வைத்துக்கொண்டு எல்லா இறக்கைகளையும் ஒப்பிட்டால், அந்த மின்தடையத்துக்குப் பொருந்திய இறக்கை அமைப்பே வெல்லும். இதை ஒரு கணக்கில் பார்ப்போம். கீழே உள்ளவை விளக்கத்துக்காக நான் அமைத்த எண்கள். ஆனால் இத்தகைய அமைப்பில் எதிர்பார்க்கக்கூடிய அளவிலேயே அவற்றை வைத்திருக்கிறேன். சுழலியின் விட்டம் 30 செ.மீ., காற்றின் வேகம் வினாடிக்கு 4 மீட்டர், மோட்டார் சுருளின் மின்தடை 2 ஓம், இறக்கைகள் எல்லாம் ஒரே அகலம், ஒரே சாய்வு.

| சுமை | 2 இறக்கைகள் | 3 இறக்கைகள் | 6 இறக்கைகள் |
|---|---|---|---|
| சுமை இல்லை | 2.8 வோல்ட் | 2.5 வோல்ட் | 1.9 வோல்ட் |
| 20 ஓம் | 1.70 வோல்ட், 0.145 வாட் | 1.65 வோல்ட், 0.136 வாட் | 1.40 வோல்ட், 0.098 வாட் |
| 10 ஓம் | 1.20 வோல்ட், 0.144 வாட் | 1.30 வோல்ட், 0.169 வாட் | 1.20 வோல்ட், 0.144 வாட் |
| 5 ஓம் | 0.60 வோல்ட், 0.072 வாட் | 0.85 வோல்ட், 0.145 வாட் | 0.90 வோல்ட், 0.162 வாட் |

சுமை இல்லாமல் அளந்தவர் இரண்டு இறக்கைகளே சிறந்தவை என்று எழுதுவார். 20 ஓம் மட்டும் வைத்திருந்தவரும் அதையே எழுதுவார். 10 ஓம் வைத்தவருக்கு மூன்று இறக்கைகள் சிறந்தவையாகத் தெரியும், 5 ஓம் வைத்தவருக்கு ஆறு. நால்வரும் கவனமாகவே அளந்திருக்கலாம். முடிவுகள் முரண்படுவதற்குக் காரணம், இறக்கை எண்ணிக்கை கூடும்போது மிகுதியான திறன் கிடைக்கும் சுழற்சி வேகம் குறைந்து, அந்த வேகத்தில் திருப்புவிசை கூடுவதுதான். மின்தடை குறையக் குறைய மின்னோட்டம் கூடி மோட்டார் சுழலியை மேலும் அழுத்திப் பிடிக்கிறது. அந்த நிலையில் குறைந்த இறக்கைகள் உள்ள சுழலி மிகவும் மெதுவாகி, காற்று இறக்கையின் பின்பரப்பை ஒட்டி ஓட முடியாமல் பிரிந்துவிடுகிறது. எனவே ஒவ்வோர் இறக்கை அமைப்புக்கும் குறைந்தது ஐந்தாறு மின்தடைகளில் அளந்து, சுழற்சி வேகத்துக்கு எதிராகத் திறனை வரைபடமாக்கி, அந்தந்த வளைகோட்டின் உச்சத்தைத்தான் ஒப்பிட வேண்டும். நம் அட்டவணையில் அந்த உச்சங்கள் 0.145, 0.169, 0.162 வாட்.

அப்படியானால் மூன்று இறக்கைகள் ஆறு இறக்கைகளை வென்றுவிட்டன என்று எழுதிவிடலாமா என்றால், கூடாது. முதலாவதாக, ஆறு இறக்கைகளின் எண்கள் 5 ஓமிலும் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. 3 ஓமில் அளந்து பார்க்காமல் அதன் உச்சம் எங்கே என்று தெரியாது. இரண்டாவதாக, 0.169-க்கும் 0.162-க்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 4 விழுக்காடு. காற்றில் உள்ள திறன் வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதம் என்பதால், இரு அளவீடுகளுக்கு இடையே காற்றின் வேகம் 2 விழுக்காடு மாறியிருந்தாலே திறன் 6 விழுக்காடு மாறிவிடும். இந்த வேறுபாடு அதற்குள் மூழ்கிப்போகும்.

மின்விசிறியின் காற்று அப்படி மாறக்கூடியதுதான். ஓடத் தொடங்கிய சிறிது நேரத்துக்கு விசிறியின் மோட்டார் சூடேறிக்கொண்டிருப்பதால் அதன் வேகம் நிலைப்படுவதில்லை. மின்வழங்கலின் அழுத்தம் மாறினாலும் வேகம் மாறும். கால் மணி நேரம் ஓடவிட்ட பிறகு அளக்கத் தொடங்குவதும், மூன்று இறக்கைகள், ஆறு இறக்கைகள், மறுபடி மூன்று இறக்கைகள் என்று அளப்பதும் நல்லது. முதல் அளவும் கடைசி அளவும் ஒத்துப்போகவில்லையென்றால் மாறியது இறக்கை அல்ல, காற்று.

இதைவிடப் பெரிய பிழை காற்றின் வேகத்தை ஒரே புள்ளியில், அதுவும் நடுவில், அளப்பது. விசிறியின் நடுக் குடத்துக்கு நேர் எதிரே காற்று மெலிந்திருக்கும். இறக்கைகளின் வெளிப்பகுதிக்கு எதிரேதான் வேகம் மிகுதி. சுழலியின் வட்டப் பரப்பில் முக்கால் பங்கு, ஆரத்தின் வெளிப்பாதியில் இருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மேலே சொன்ன சுழலியின் பரப்பு 0.0707 சதுர மீட்டர். வினாடிக்கு 4 மீட்டர் காற்றில் அதன் வழியே வரும் திறன் 2.7 வாட். அதில் 0.169 வாட் என்பது ஏறத்தாழ 6 விழுக்காடு, அட்டை இறக்கைக்கு நம்பத்தக்க அளவு. ஆனால் நடுப்புள்ளியில் வினாடிக்கு 2.5 மீட்டர் என்று அளந்து அதையே கணக்கில் போட்டால், வரும் திறன் 0.66 வாட் ஆகிவிடும், திறமை விழுக்காடு 25-ஐத் தாண்டும். எந்தக் காற்றாலையும் தாண்ட முடியாத பெட்ஸ் வரம்பு 59.3 விழுக்காடு என்பதால், 25 என்ற எண் யாருக்கும் ஐயத்தை ஏற்படுத்துவதில்லை. பிழை அமைதியாக அறிக்கைக்குள் போய்விடுகிறது. சுழலியை எடுத்துவிட்டு, அது நின்ற அதே தளத்தில், நடுவிலும் பல ஆரங்களிலும் அளந்து, ஒவ்வொரு வளையத்தின் பரப்புக்கு ஏற்ப எடைபோட்டுச் சேர்க்க வேண்டும். சேர்க்க வேண்டியது வேகத்தை அல்ல, வேகத்தின் மும்மடியை.

விசிறியின் காற்று நேராகவும் வருவதில்லை. விசிறி சுழலும் திசையில் தானும் சுழன்றுகொண்டே வருகிறது. அதே திசையில் சுழலும் சுழலிக்கு இந்தச் சுழலோட்டம் கூடுதல் உந்துதலைத் தரும், எதிர்த்திசையில் சுழலும் சுழலியிடமிருந்து பறிக்கும். ஒரு தொகுதி இறக்கைகளை வலப்பக்கமும் இன்னொரு தொகுதியை இடப்பக்கமும் சாய்த்து ஒட்டிவிட்டால், ஒப்பீடு அங்கேயே முடிந்துவிட்டது. விசிறிக்கும் சுழலிக்கும் இடையே உறிஞ்சுகுழல்களை நெருக்கமாக அடுக்கி ஒட்டிய சட்டகத்தை வைத்தால் இந்தச் சுழற்சி பெருமளவு அடங்கும். குழலின் நீளம் அதன் விட்டத்தைப் போல 8 மடங்காவது இருக்கட்டும். சட்டகம் காற்றின் வேகத்தைக் குறைக்கும் என்பதால், அதை வைத்த பிறகுதான் வேகத்தை அளக்க வேண்டும்.

இறக்கை எண்ணிக்கைக்கு வந்தால், கேள்வியே இரண்டாகப் பிரிகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 6 செ.மீ. அகல இறக்கைகளை மூன்றிலிருந்து ஆறாக்கும்போது எண்ணிக்கையோடு மொத்தப் பரப்பும் இரட்டிப்பாகிறது. மூன்று 6 செ.மீ. இறக்கைகளை ஆறு 3 செ.மீ. இறக்கைகளோடு ஒப்பிட்டால் பரப்பு மாறாமல் எண்ணிக்கை மட்டும் மாறுகிறது. இரண்டும் செய்யத் தகுந்த சோதனைகளே, ஆனால் எதைச் செய்தோம் என்பது அறிக்கையில் தெளிவாக இருக்க வேண்டும். முதல் வகையில் தெரியும் வேறுபாட்டின் பெரும்பகுதி பரப்பினால் வருவது.

சுழற்சித் தளத்திலிருந்து இறக்கை சாய்ந்திருக்கும் கோணத்தை எல்லா அமைப்புகளுக்கும் 45 பாகையில் நிறுத்திவிடுவது மிகவும் பரவலான பழக்கம். நின்றுகொண்டிருக்கும் இறக்கையை நகர்த்த அந்தக் கோணம் நன்றாகவே உதவும். கையால் தள்ளாமலே சுழலி கிளம்பிவிடுவதால் அது சரியான கோணம் என்று தோன்றுகிறது. ஓடத் தொடங்கிய பின் நிலைமை மாறுகிறது. இறக்கையின் நுனி காற்றைப் போல இரு மடங்கு வேகத்தில் ஓடும்போது, அந்த நுனிக்குக் காற்று சுழற்சித் தளத்திலிருந்து 20 முதல் 27 பாகை வரையிலான கோணத்தில்தான் வந்து சேர்கிறது. 45 பாகையில் நிற்கும் தட்டை நுனி அந்தக் காற்றுக்கு முதுகைக் காட்டித் தடையாக நிற்கும், அதனால் சுழலி அந்த வேகத்தை எட்டவே எட்டாது. ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் 10, 15, 20, 25, 30 பாகைகளில் தனித்தனியே அளந்து, அதன் சிறந்த கோணத்தைக் கண்ட பிறகே எண்ணிக்கைகளை ஒப்பிட வேண்டும். வேலை பெருகும் என்பது உண்மைதான். என் பரிந்துரை, நான்கு எண்ணிக்கைகளை அரைகுறையாகச் சோதிப்பதைவிட இரண்டை முழுமையாகச் சோதிப்பது.

கடைசியாக இறக்கையின் வடிவம். பெரிய காற்றாலைகளின் படத்தைப் பார்த்து, முன்விளிம்பு தடித்துப் பின்விளிம்பு மெலிந்த வடிவத்தைத் தெர்மாகோலில் செதுக்கிப் பொருத்துகிறார்கள். அது வெறும் வளைந்த அட்டையிடம் தோற்றுவிட்டால் செதுக்கியதில் பிழை என்று நினைத்து முடிவை ஒதுக்கிவிடுகிறார்கள். பிழை அங்கே இல்லாமலும் இருக்கலாம். 3 செ.மீ. அகல இறக்கையின் மேல் காற்று வினாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் ஓடினால், காற்றின் பாகுத்தன்மையோடு ஒப்பிட்டு அதன் ஓட்டத்தின் வலுவைக் காட்டும் ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 18,000. பெரிய காற்றாலை இறக்கையில் அது பல பத்து இலட்சங்களில் இருக்கும். இவ்வளவு சிறிய எண்ணில், தடித்த வடிவத்தின் பின்பரப்பில் காற்று ஒட்டி நிற்காமல் விரைவில் பிரிந்துவிடுகிறது, அதனால் மெல்லிய வளைந்த தகடே மேலான தூக்குவிசையைத் தருகிறது. வளைவின் குழிந்த பக்கம் காற்றைப் பார்த்திருக்கிறதா என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அது மாறிப் பொருத்தப்பட்டிருந்தால் சுழலி ஓடும், ஆனால் வளைவின் பயன் போய்விடும். குழிந்த பக்கம் சரியாக இருந்தும் அட்டையே வென்றால், அந்த முடிவை இறக்கையின் அகலத்தோடும் காற்றின் வேகத்தோடும் சேர்த்து அப்படியே எழுதலாம். அது அந்த அளவிலான இறக்கைக்கு உண்மையான முடிவு, 50 மீட்டர் இறக்கைக்குப் பொருந்தாத முடிவு.